பாதி வந்த கிளைம்: ஆண்டு முடிவு மின்னஞ்சலில் அதை எங்கே வைப்பது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் பொதுக் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். என் பெரிய வாடிக்கையாளர் ஒரு தேயிலை பேக்டரி உரிமையாளர். கட்டடம், இயந்திரம், சரக்கு, மூன்று லாரி, தொழிலாளர் பாலிசி எல்லாம் என் மூலம்தான். இந்த ஐப்பசி மழையில் பின்பக்கம் மண் சரிந்து வாட்டும் கூடத்தின் சுவரும் கூரையும் போயின. 15 லட்சம் கேட்டோம், ஏழு லட்சம் சொச்சம்தான் வந்தது. அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. ஜனவரி கடைசியில் புதுப்பிப்பு. வருட முடிவில் எல்லாவற்றையும் எழுதி ஒரு மெயில் அனுப்பச் சொல்லி அலுவலகத்தில் சொல்கிறார்கள். கிளைம் விஷயத்தைத் தொடாமல் எழுதலாமா? குறைகளை எழுதினால் இன்னும் பாலிசி விற்கப் பார்க்கிறாள் என்று நினைப்பாரே? அடுத்த ஆண்டு பின்பக்கம் மண்ணை வெட்டி இடத்தை அகலப்படுத்தி இரண்டாவது டிரையர் வைக்கப் போவதாகவும் சொன்னார்.

பதில்:

சகோதரி, கிளைமைத் தொடாமல் எழுத முடியாது. தொடுவது மட்டும் போதாது, மெயிலின் முதல் பத்தியே அதுவாக இருக்க வேண்டும். அவர் மனதில் இப்போது ஓடுவது அது ஒன்றுதான். புதுப்பிப்புத் தேதி, லாரி இன்சூரன்ஸ் என்று நீங்கள் ஆரம்பித்தால் மூன்றாவது வரியில் மூடிவிடுவார். நான் குன்னூரில் தொழில் தொடங்கிய காலத்தில் இதே தவறைச் செய்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்குக் கிளைம் குறைந்து வந்தது. ஆண்டுக் கடிதத்தில் அதைக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் வைத்தேன். கடிதம் முழுவதையும் அவர் படிக்கவே இல்லை என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் பாலிசி வேறு கைக்குப் போய்விட்டது.

முதலில் ஏழு லட்சம் எப்படி வந்தது என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சேதத்தை மதிப்பிட்ட சர்வேயர் அறிக்கையின் நகலைக் காப்பீட்டுக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள், வாடிக்கையாளருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. உங்கள் கடிதத்தில் முழு விவரம் இல்லாததால், இந்த மாதிரிக் கிளைம்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு கணக்கை எடுத்துக்காட்டாக வைக்கிறேன். உங்கள் அறிக்கையில் எண்கள் மாறலாம், கணக்கின் வடிவம் மாறாது.

கேட்ட 15 லட்சத்தில் கட்டடச் சேதம் 12 லட்சம், பின்னால் இருந்த தடுப்புச் சுவர் 2 லட்சத்து 20 ஆயிரம், மண் அள்ளிய செலவு 80 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். தடுப்புச் சுவரைப் பாலிசியில் தனியாகக் காட்டவில்லை, அதன் மதிப்பைக் காப்பீட்டுத் தொகையில் சேர்க்கவும் இல்லை. ஆகவே அதற்கான தொகை கிடைக்கவில்லை. விழுந்து குவிந்த மலை மண்ணை அப்புறப்படுத்தும் செலவுக்குப் பாலிசியில் இருப்பது சிறிய விகிதம்தான், அதுவும் சேதமான பொருளின் இடிபாட்டுக்கு. ஆகவே மண் அள்ளிய பில்லும் ஏறக்குறைய முழுவதும் நின்றுபோனது. மீதி 12 லட்சம்.

இனிதான் பெரிய வெட்டு. கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை 90 லட்சம். சர்வேயர் வந்து பார்த்து, இதே கட்டடத்தை இன்று புதிதாகக் கட்டினால் ஒன்றரைக் கோடி ஆகும் என்று எழுதினார். ஒன்றரைக் கோடிப் பொருளுக்கு 90 லட்சத்துக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறார், அதாவது 60 சதவீதத்துக்கு. அதனால் எந்தச் சேதம் வந்தாலும் அதில் 60 சதவீதம்தான் கிடைக்கும். 12 லட்சத்தில் 60 சதவீதம் 7 லட்சத்து 20 ஆயிரம். பாலிசி அட்டவணையில் உள்ள, உரிமையாளரே ஏற்க வேண்டிய கழிவுத் தொகை அதிலிருந்து போகும்.

சேதம் 12 லட்சம்தானே, காப்பீடு 90 லட்சம் இருக்கிறதே, முழுவதும் கொடுத்தால் என்ன என்றுதான் எல்லா உரிமையாளரும் கேட்பார்கள். கேட்பதில் தவறே இல்லை. பாலிசியை விற்றபோது யாரும் அவர்களுக்கு இந்த விகிதக் கணக்கைச் சொல்வதில்லை. நீங்கள் சொல்லியிருந்தாலும் எழுத்தில் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அந்த 90 லட்சம் எங்கிருந்து வந்தது என்று பழைய பைலைத் திறந்து பாருங்கள். நீலகிரியில் நான் பார்த்தவரை இரண்டு இடத்திலிருந்து வரும். ஒன்று, வங்கிக் கடன் தொகை. கடன் 90 லட்சம், ஆகவே 90 லட்சத்துக்குப் பாலிசி என்று கிளையில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். வங்கிக்குத் தன் கடன் திரும்பி வந்தால் போதும், கட்டடத்தைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்பது அவர்கள் கவலை இல்லை. இன்னொன்று, ஆடிட்டரின் இருப்புநிலைக் குறிப்பு. அதில் தேய்மானம் கழித்த மதிப்பு இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு அது இறங்கிக்கொண்டே போகும், கட்டுமானச் செலவோ ஏறிக்கொண்டே போகும். மலையில் மணலும் ஜல்லியும் கம்பியும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரவேண்டும், லாரி வாடகையே தனிச் செலவு. சமவெளி விலையை வைத்துப் போட்ட மதிப்பும் இங்கே குறைந்துதான் நிற்கும்.

உரிமையாளர் எந்த எண்ணை வைக்க வேண்டும் என்பதையும் மெயிலிலேயே காட்டிவிடுங்கள். நிலத்தின் விலை வேண்டாம், மண் எரியாது. கட்டடப் பரப்பையும் உள்ளூர் ஒப்பந்ததாரர் சதுர அடிக்கு இன்று கேட்கும் தொகையையும் பெருக்க வேண்டும். 7,500 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய் என்றால் ஒன்றரைக் கோடி. இதை வாயால் சொல்லாமல் ஒரு பொறியாளரிடம் எழுதி வாங்கி இணைத்தால் அடுத்த கிளைமில் அதுவே சாட்சி. இயந்திரத்துக்கும் அதே முறைதான். அதே திறனுள்ள சிடிசி, டிரையர் புதிதாக வாங்கி, மலையேற்றி, பொருத்தி, ஓட்டிப் பார்க்கும்வரை ஆகும் செலவு.

ஒரே இடத்தில் உள்ள கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்ந்து 5 கோடிக்குள் இருந்தால் 2021 ஏப்ரல் முதல் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை என்றால் பாரத் லகு உத்யம் சுரக்ஷா என்ற தீப் பாலிசி பொருந்தும். இரண்டிலும் ஒரு நல்ல ஷரத்து இருக்கிறது: மதிப்புக் குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் விகித வெட்டு கிடையாது. மேலே சொன்ன கணக்கில் குறைவு 40 சதவீதம், அதனால்தான் அந்தச் சலுகை உதவவில்லை. கட்டடத்துக்கு ஒரு கோடியே 27 லட்சத்து 50 ஆயிரம் வைத்திருந்தால் 12 லட்சமும் வெட்டில்லாமல் வந்திருக்கும். இந்த ஒரு வரியைக் கட்டாயம் எழுதுங்கள். எவ்வளவு கூடுதலாக வைத்திருந்தால் தப்பியிருப்போம் என்று தெரியும்போதுதான் கோபம் கணக்காக மாறும். கூடவே அந்தக் கூடுதல் தொகைக்கு ஆண்டுப் பிரீமியம் எவ்வளவு என்று கம்பெனியிடம் கேட்டு, வெட்டுப்பட்ட 4 லட்சத்து 80 ஆயிரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

முதல் பத்தி இப்படி இருக்கலாம்:

"சார், வணக்கம். ஐப்பசி மழைச் சேதத்துக்கு நீங்கள் எதிர்பார்த்த தொகை வரவில்லை. ஏன் என்பதை இத்தனை நாள் நேரில் முழுமையாகச் சொல்லாதது என் குறை. சர்வேயர் அறிக்கையின்படி கணக்கைக் கீழே தருகிறேன். கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை இன்றைய கட்டுமானச் செலவில் 60 சதவீதம்தான் இருந்தது, அதனால் சேதத்திலும் 60 சதவீதமே கிடைத்தது. இது மாறாவிட்டால் அடுத்த சேதத்திலும் இதேதான் நடக்கும். இன்றே சரிசெய்ய வழி இருக்கிறது, அதற்கு உங்கள் ஒப்புதல் ஒரு வரி போதும்."

இன்றே என்று எழுதியது சும்மா இல்லை. பலரும் புதுப்பிப்பு வரை காத்திருக்கிறார்கள். தேவையில்லை. நடுவிலேயே தொகையை உயர்த்தி, மீதி நாட்களுக்கு மட்டும் பிரீமியம் கட்டி, பாலிசியில் அந்த மாற்றத்தைப் பதியும் எண்டார்ஸ்மெண்ட் வாங்கலாம். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் கொட்டும். 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர், கேத்தி பகுதிகளில் சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை அந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சரிந்த சரிவு ஈரமாக இருக்கும்போது ஜனவரிக் கடைசிவரை 60 சதவீதத்தில் உட்கார்ந்திருப்பது சரியில்லை.

இன்னொரு நுணுக்கம். புதிதாகக் கட்டும் செலவின் அடிப்படையில் தொகை வேண்டுமென்றால் வேலையைத் தாமதமின்றித் தொடங்கி, பொதுவாக 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு அவகாசம் வாங்க வேண்டும், இல்லையென்றால் தேய்மானம் கழித்த மதிப்புக்கு இறங்கிவிடும். மலைப்பகுதியில் கட்ட அனுமதி வாங்கவே மாதங்கள் போகும். சுவர் இன்னும் கட்டி முடியவில்லை என்றால் இந்தத் தேதியையும் மெயிலில் எழுதுங்கள்.

இனி குறைகள். விற்கப் பார்க்கிறாள் என்று நினைப்பாரே என்று பயப்படுகிறீர்கள். ஏழெட்டுக் குறையைப் பட்டியல் போட்டால் அப்படித்தான் நினைப்பார். இந்த ஆண்டு அவருக்கே நடந்ததிலிருந்து வருவதை மட்டும் எழுதுங்கள். தடுப்புச் சுவர் ஒன்று: அதைத் தனி வரியாகக் காட்டி, கட்டும் செலவை எழுதி, பாலிசியில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, பேக்டரி நின்ற நாட்கள்.

எத்தனை நாள் நின்றது என்று எழுதவில்லை. பத்து நாளாகவே இருக்கட்டும். அந்தப் பத்து நாளும் சம்பளம் உண்டு, கடன் வட்டி உண்டு. தீப் பாலிசி இதில் ஒரு ரூபாய் தராது, அது பொருளுக்கான பாலிசி. லாப இழப்புப் பாலிசி தனி. அதில் எவ்வளவு காலத்துக்கு இழப்பை ஈடுசெய்வார்கள் என்ற ஈட்டுக்காலத்தில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். கூரை போட ஒரு மாதம் என்றால் ஒரு மாதம் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் சொந்தத் தோட்டத்தை மட்டும் நம்பி ஓட்டவில்லை என்றால், பசுந்தேயிலை கொண்டு வருவது சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகள். ஒரு வாரம் எடுக்காவிட்டால் இலை பக்கத்துப் பேக்டரிக்குப் போகும், கொழுந்து செடியில் காத்திருக்காது. அங்கே கணக்குப் புத்தகமும் முன்பணமும் தொடங்கிய பிறகு அவர்கள் திரும்பி வர மாதங்கள் ஆகும். கூரை போட்ட அன்றே பழைய வரவு திரும்பிவிடாது. ஆகவே ஈட்டுக்காலம் பழுதுபார்க்கும் காலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குக் குறையாமல் கேளுங்கள் என்பேன்.

இந்தப் பாலிசிக்கும் ஒரு எல்லை உண்டு, அது நம் மலைக்கு மிக முக்கியம். அவர் இடத்தில் சேதம் நடந்து, அந்தச் சேதத்துக்கான கிளைம் ஏற்கப்பட்டால்தான் லாப இழப்பும் வரும். மேட்டுப்பாளையம் சாலையில் எங்கோ மண் சரிந்து லாரி மேலேயும் கீழேயும் போகாமல் ஐந்து நாள் நின்றால், பேக்டரி முழுசாக இருப்பதால் ஒன்றும் வராது. வழி அடைபட்டதால் ஏற்படும் நட்டத்துக்கு ஒரு நீட்டிப்பு உண்டு. அதைக் கேட்டு, தூரம் எவ்வளவு, எத்தனை நாளுக்குப் பிறகு தொடங்கும் என்று எழுத்தில் வாங்கினால்தான் உண்டு. உங்கள் கம்பெனி தரவில்லை என்றால் தரவில்லை என்றே மெயிலில் எழுதுங்கள்.

மூன்றாவதாக அவர் சொன்ன திட்டம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட உண்மையான ஆபத்து இதுதான், நீங்கள் அதைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். சரிந்த அதே பின்பக்கத்தில் மண்ணை வெட்டப் போகிறார். மண்சரிவைப் பாலிசி ஏற்கும், ஆனால் ஐந்து காரணங்களை விலக்கியிருக்கும்: புதுக் கட்டடத்தின் இயல்பான விரிசலும் அமர்வும், மேடாக்கிய மண்ணின் நகர்வு, கடல் ஆற்று அரிப்பு, பிழையான வடிவமைப்பு அல்லது வேலை, கடைசியாகக் கட்டுமானமோ இடிப்போ மண் வெட்டுதலோ காரணமாக வருவது. பின்பக்கத்தை வெட்டிவிட்டு அடுத்த மழையில் சரிந்தால் சர்வேயர் முதலில் எடுக்கும் படம் அந்த வெட்டுமுகமாகத்தான் இருக்கும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி மேடாக்கி அதன்மேல் டிரையர் கூடம் கட்டினால் இரண்டாவது விலக்கும் சேர்ந்துகொள்ளும். இப்படி இரண்டு கையாலும் அவர் தன் பாலிசியை வெட்டிக்கொள்ளக் கூடாது.

அதனால் மெயிலில் இந்தப் பகுதியைத் தடையாக எழுதாதீர்கள், வரிசையாக எழுதுங்கள். வெட்டும் முன் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், நீலகிரியில் பொக்லைன் வைத்து மண் எடுக்க அது இல்லாமல் முடியாது. பொறியாளரின் சரிவு வரைபடமும் வடிகால் திட்டமும் வேண்டும். தடுப்புச் சுவர் முதலில், டிரையர் கூடம் பிறகு. மழைக்கு முந்தைய மாதங்களில் வேலை. கட்டும் காலத்துக்குத் தனியாக ஒப்பந்ததாரர் இடர் பாலிசி உண்டு, அதை வேலை தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். இரண்டாவது டிரையர் வந்ததும் அன்றே அதன் மதிப்பைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இப்போது சரிசெய்த விகிதம் மறுபடி உடையும். வேலை ஆரம்பிப்பதற்கு முன் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்து, பதில் கடிதத்தைப் பைலில் வையுங்கள்.

புதுப்பிப்புக்கு ஒரு சின்னப் பத்தி போதும். ஒவ்வொரு பாலிசியின் பெயர், முடியும் தேதி, கட்ட வேண்டிய தொகை. லாரிகளின் தேதி தனித்தனியாக இருந்தால் எழுதியே ஆக வேண்டும். ஒரே எச்சரிக்கை: காப்பீட்டுச் சட்டம் 1938இன் 64விபி பிரிவின்படி பிரீமியம் வந்து சேர்ந்தால்தான் பாதுகாப்பு தொடங்கும். செக் எழுதி வைத்தேன், பையனிடம் கொடுத்தேன் என்பது கிளைமில் நிற்காது.

ஒவ்வொரு பரிந்துரைக்கும் கீழே வேண்டும் / வேண்டாம் என்று ஒரு வரி விடுங்கள். "வேண்டாம்" என்று அவர் பதில் போட்டால் அதையும் மரியாதையாக ஏற்று, "உங்கள் முடிவைப் பதிவு செய்துகொண்டேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள். இது அவரை மடக்குவதற்காக இல்லை. இரண்டு ஆண்டு கழித்து அவர் மகன் கணக்கைப் பார்க்கும்போது, அப்பா தெரிந்தே எடுத்த முடிவா, யாரும் சொல்லாததால் விட்டதா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நான் ஒருமுறை சாலை அடைப்பைப் பற்றி நேரில் மட்டும் சொன்னேன், எழுதவில்லை. நட்டம் வந்தபோது, "நீங்கள் சொல்லவே இல்லையே" என்றார் அந்த வாடிக்கையாளர். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நினைவில்லை. சொன்னது எனக்கு மட்டும்தான் நினைவிருந்தது.

மெயிலின் தலைப்பில் ஆண்டு அறிக்கை என்றெல்லாம் வைக்காதீர்கள். "மண்சரிவுக் கிளைம் கணக்கு, ஜனவரிக்கு முன் உங்கள் முடிவு தேவைப்படும் நான்கு விஷயங்கள்" என்று வையுங்கள்: கட்டடத் தொகை, தடுப்புச் சுவர், லாப இழப்பு, பின்பக்க வேலை. ஒரே திரையில் படித்து முடிக்கும் நீளத்தில் மெயில், சர்வேயர் நகலும் பொறியாளர் மதிப்பீடும் இணைப்பில். அனுப்பிய மறுநாள் காலை பதினொரு மணிக்குள் போன் செய்யுங்கள். மாலையில் இலை வரத் தொடங்கினால் எடை, தரம், வண்டி என்று அவர் கை ஒழியாது, இரவு ஓட்டம் வேறு. போனில் இன்னொரு முறை விளக்கத் தொடங்க வேண்டாம், கணக்கில் எந்த வரி புரியவில்லை என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அந்த 60 சதவீதத்தைத்தான் கேட்பார். பேக்டரிக்கே போய், பேப்பரில் பேனா வைத்து அவர் எதிரில் ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.